போணிக்கு முன்னால் ஒரு சொல்

திண்டிவனம் பெரிய கடைத்தெருவில் அனந்தநாத நயினாருடைய பாத்திரக்கடை என்றால் அழுத பிள்ளையும் வாய்மூடி வழி காட்டும். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் மட்டும் வந்த பெயர் அல்ல அது. அந்தக் கடையில் ஒரு டெலிபோன் இருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷத்தில் அந்தத் தெருவில் மொத்தம் நாலு போன். அதில் மூன்று பேர் போனைப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். நயினார் மட்டும்தான் பூட்டாதவர்.

நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். சொல்லிச் சொல்லியே அவரைக் கெடுத்தது என்றும் சொல்லலாம். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது அவருக்கு. அவருடைய அப்பா கல்லாவில் உட்கார வைத்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், முதல் வியாபாரம் ஆகிற வரைக்கும், அதாவது போணி ஆகிற வரைக்கும், இல்லை என்ற சொல் கடைக்குள் விழக்கூடாது என்பது. காலையில் வருகிறவன் கேட்ட குண்டான் கடையிலேயே கிடையாது என்றாலும், "வரும், நாளைக்குப் பாருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் அப்படிச் சொல்லிச் சொல்லி, போணிக்கு அப்புறமும், கடையை மூடின பிறகும், வீட்டிலும்கூட அவருக்கு அந்தச் சொல் வாயில் வராமல் போய்விட்டது. எதற்கும் "பார்க்கலாம்" என்பார். அவர் சம்சாரம் சந்திரவதி, "உங்க பார்க்கலாமுக்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது" என்று கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொள்வார்.

பங்குனி மாசம், ஒரு திங்கட்கிழமை. கடைப் பையன் என்று இன்னமும் எல்லோரும் கூப்பிடுகிற நாற்பது வயசு வேங்கடேசன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண்பிள்ளை வந்து படிக்குக் கீழேயே நின்றாள். ஐம்பது வயசிருக்கும். மண் ஏறின கால்கள். முந்தானையில் முடிந்த வெற்றிலை.

"நயினாரே, என் பேரு குப்பம்மா. ஓமந்தூருக்கு அந்தாண்ட காட்டுச்சேரி. உங்களுக்கு என்னத் தெரியாதுங்க. ஒரு ஒத்தாச கேட்டு வந்தேன்."

"சொல்லும்மா."

"எம் பெரிய மக அம்மணி மாசமா கீறா. காலு கையெல்லாம் வீங்கிப் போச்சு. விழுப்புரத்துல பெரியாஸ்பத்திரில இட்டுக்கினு போயி சேத்துக்கீறாங்க. மாமியாக்காரி கூட கீறா. மருமவன் முருகையன் அங்க ரயில்ல மூட்ட ஏத்துற வேல. அவசரம்னா போன் பண்றேன்றான். எங்க ஊர்ல போனு ஏது. உங்க நம்பரக் குடுத்தீங்கன்னா, அவன் சொன்னத எனக்கு ஒரு ஆளு வுட்டுச் சொன்னாப் போதுங்க. மல்லாட்ட பிடுங்கற நேரம். நம்பரு இருந்தா நான் வேலைக்குப் போய்க்கினு இருப்பேன். இல்லாங்காட்டி நானும் அங்கியே போயி கெடப்பேன்."

நயினார் மனசுக்குள் கணக்காக யோசித்தார். காட்டுச்சேரி எட்டொன்பது மைல். இருப்பது ஒரே ஆள், வேங்கடேசன். பங்குனி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன, சீர்வரிசைப் பாத்திரம் கட்டிக் கொடுக்கவே நேரம் காணாது. ஏற்கெனவே தெருக்காரர்கள் ஆறு பேர் தங்கள் நம்பர் என்று இந்த நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களாவது கூப்பிடு தூரம். இந்த அம்மாவுக்கு எப்படி ஆள் விடுவது? முடியாத காரியம். இது அவருக்கு அந்த நிமிஷமே தெளிவாகத் தெரிந்தது. அதுதான் பிற்பாடு அவரை உட்காரவும் விடாமல் படுக்கவும் விடாமல் படுத்தி எடுத்தது.

ஆனால் போணி ஆகவில்லை. அந்த அம்மாள் முகமும் அப்படி இருந்தது.

"பார்க்கலாம்மா" என்றார். முகம் கோணாமல், இனிமையாகத்தான் சொன்னார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டம்ளர் டப்பாவின் அட்டையைக் கிழித்து அதில் தன் நம்பரை எழுதியும் கொடுத்துவிட்டார். வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் கொடுத்தது அது. வந்தவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

நம்பரை எழுதிக் கொடுத்தாரே தவிர, அவள் பெயரையோ ஊரையோ அவர் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. செய்யப் போகிறவன் எழுதி வைத்துக்கொள்வான்.

பத்து நாள் கழித்து, நல்ல முகூர்த்தத்துக்கு முந்தின தினம், மதியம் ஒரு மணிக்குப் போன் அடித்தது. கடை நிறையக் கூட்டம். ஒரு கல்யாண வீட்டார் பத்துப் பேர் வந்து அண்டா அண்டாவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழுப்புரத்துலேர்ந்து டிரங்க் கால். பேசுங்க" என்றது எக்ஸ்சேஞ்ச்.

அந்தப் பக்கம் ஒருவன் கத்தினான். போனில் பேசிப் பழக்கமில்லாத கத்தல். "அலோ, நயினாருங்களா? நான் முருகையன். எங்க அத்த குப்பம்மாவ உடனே அனுப்புங்க. அம்மணிக்குப் பொண்ணு பொறந்துகிச்சு. ஆனா அம்மணிக்கு ரொம்ப முடியல. கண்ணத் தொறந்தா அம்மா அம்மான்னுதான் கேட்டுக்கினு கீது."

"எந்தக் குப்பம்மா? எந்த ஊருப்பா?"

"உங்களாண்ட சொல்லிட்டாங்களாமே. ஓமந்தூராண்ட..."

"எந்த ஊருன்னேன்?"

அண்டாவைத் தட்டின சத்தத்தில் ஊர்ப் பெயர் காதில் விழவில்லை. மறுபடி கேட்பதற்குள் மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது.

வேங்கடேசன் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். வந்ததும் சொல்லிவிடலாம் என்று நயினார் நினைத்தார். அண்டாவுக்கு விலை பேசினார். பேர் வெட்டச் சொன்னார்கள், பேர் வெட்டக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குலம் அவருடையது. வழக்கம்போல ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விட்டார். பாதிச் சாப்பாட்டில் நினைவு வந்தது. கை கழுவிவிட்டு ஓடி வந்தார். வேங்கடேசன் அப்போதுதான் வண்டியை விட்டிருந்தான். இருட்டில் எந்த ஊர் என்று தெரியாமல் எங்கே தேடுவது? விடிந்ததும் போகச் சொன்னார்.

விடிகாலையில் வேங்கடேசன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். ஓமந்தூரைச் சுற்றி நாலு ஊர் விசாரித்து, காட்டுச்சேரிக் காலனியைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்பது. குப்பம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த செடியைப் போட்டுவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஓடினாள் என்று வந்து சொன்னான்.

நயினார் பெருமூச்சு விட்டார். எப்படியோ ஆள் விட்டாயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாகக்கூட அன்றைக்கு அவருக்கு ஒரு நிம்மதி. வெட்கக்கேடுதான். ஆனாலும் நடந்தது அதுதான்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாசம் போல ஆன பிறகு குப்பம்மாள் கடைக்கு வந்தாள். இடுப்பில் துணிச் சுருணை மாதிரி ஒரு குழந்தை. நயினாருக்குப் பார்த்ததுமே புரிந்தது.

"ஆளு வுட்டீங்களே நயினாரே, அதுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். "முன்னபின்ன தெரியாதவளுக்கு யாரு செய்வாங்க."

"பொண்ணு..."

"விடியக்காலம் அஞ்சு மணிக்கே போயிட்டாளாம். நான் போறப்ப துணி போத்திட்டாங்க. ராவெல்லாம் வாசலயே பாத்துக்கினு கெடந்தாளாம். அம்மா வந்துகினு கீறா, வந்துகினு கீறான்னு மாமியாக்காரி சொல்லிக்கினே இருந்தாளாம்." குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டாள். "என்ன பண்றது. நம்பரு கீதே, அவசரம்னா நயினாரு சொல்லியனுப்புவாருன்னு நான்தான் இங்க குந்திக்கினேன். எங்கப்பன் கணக்கா நீங்க சொல்லியனுப்பினீங்க. எம் மவளுக்குத்தான் அவ்ளோதான் ஆயுசு."

அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். போன் வந்தது முந்தின நாள் மதியம் என்று சொல்ல நயினார் வாய் எடுத்தார். கூப்பிட்ட நேரத்தை மருமகன் சொல்லியிருக்கமாட்டானா? சொல்லியிருந்தாலும் அந்தச் சாவில் யார் மணி பார்த்தார்கள்? "எல்லாம் விதிம்மா" என்றார் கடைசியில். குழந்தைக்குப் பால் புகட்ட ஒரு பாலாடையை எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். விதியாம், விதி. டம்ளர் டப்பா அட்டையில் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த விதி.

அன்றைக்கு ராத்திரி சந்திரவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. "அப்பவே முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

மறு வருஷம் ஆவணி. நயினாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எவர்சில்வரும் பித்தளையும் ஒன்றுபோலத் தெரிந்தது. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டி, வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று தேதி வாங்கியிருந்தார். பதினைந்து நாள் கடைக்குப் பூட்டு. துணைக்கு வேங்கடேசனும் கூடப் போகிறான்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்து, ஊதுவத்தி கொளுத்திக் கல்லாவில் உட்கார்ந்தார். படிக்குக் கீழே ஒரு உருவம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. குரல்தான் தெரிந்தது.

"நயினாரே, குப்பம்மா."

"வாம்மா. மேல வா. ஏன் கீழயே நிக்கற? பேத்தி எப்படி இருக்கு?"

"நடக்குதுங்க. பாலாடைய வெச்சிக்கினுதான் இப்பவும் வெளயாடுது." ஒரு படி ஏறி நின்றாள். "மறுபடியும் ஒரு ஒத்தாச கேட்டு வந்துகீறேங்க. எஞ் சின்ன மவளும் முழுகாம கீறா. இதே மாதிரியே காலு வீங்குது. அதே ஆஸ்பத்திரிதான். நேத்து சேத்துட்டு வந்தோம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்களத் தவுர போன் கீற எடம் ஒண்ணும் எனக்குத் தெரியாது. பழைய நம்பருதானுங்களே?"

நயினாரின் கை தானாகப் போனைத் தொட்டது.

இந்த ஒரு வருஷமும், அவள் மறுபடி வந்து எதையாவது கேட்க மாட்டாளா, கேட்டால் தலையை அடமானம் வைத்தாவது செய்துவிடலாமே என்று எத்தனை தரம் நினைத்திருப்பார். இதோ கேட்கிறாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த முகம் மலரும். இரண்டு கையாலும் கும்பிடுவாள். வெள்ளிக்கிழமை கடை பூட்டிக் கிடக்கும். பூட்டின கடைக்குள்ளே போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால்? அதையும் நினைத்துப் பார்த்தார். தள்ளிப் போட்டாலும் ஆள் வேங்கடேசன் ஒருத்தன்தானே. ஒன்பது மைல் ஒன்பது மைல்தானே. கேட்பவள் முகம் வாடிவிடக் கூடாதே என்று வாயில் வந்த இனிப்பைக் கொடுத்தது போதும் என்று தோன்றியது.

வேங்கடேசன் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் போணி ஆகவில்லை என்று அவனுக்கும் தெரியும்.

"முடியாதும்மா" என்றார் நயினார். "என்னால முடியாது."

வேங்கடேசன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். குப்பம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வெள்ளிக்கிழம எனக்குக் கண்ணு ஆபரேசன். பதினஞ்சு நாள் கடை பூட்டு. போன் அடிச்சா எடுக்க ஆள் இல்ல. கடை தெறந்திருந்தாலும் உன் ஊருக்கு அந்த நிமிஷமே ஆள் விட என்கிட்ட ஆள் இல்லம்மா. என் நம்பர நம்பி நீ ஊர்ல இருக்காத. இன்னைக்கே விழுப்புரம் போயிடு. பொண்ணு கூட ஒரு பொம்பளய இருக்க விடுறாங்க இல்ல, அந்த ஆளு நீயா இரு. கொல்லை வேலை போனா போகட்டும்."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். கோபமில்லை. ஏமாற்றம் இருந்தது. வந்த காரியம் ஆகவில்லை என்றால் எல்லோருக்கும் வருகிற ஏமாற்றம். "சரிங்க" என்றாள். "தெரியாத ஆளுகிட்ட திரும்பத் திரும்பக் கேட்டா எப்படிச் செய்வீங்க. போன தடவ செஞ்சதே பெருசு."

அது வரைக்கும் தாங்கினவருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"போன தடவ நான் செய்யலம்மா" என்றார். "போன தடவயும் என்னால முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். போணி ஆகலன்னு, உன் முகம் வாடிடுமேன்னு, பார்க்கலாம்னு சொல்லிட்டேன். உம் மருமகன் கூப்பிட்டது முத நாள் மதியானம் ஒரு மணிக்கு. உன் ஊரு பேரக்கூட நான் எழுதி வச்சுக்கல. மறுநாள்தான் ஆள் வந்தான். என்னை மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனா நீ என்கிட்ட நன்றி சொல்லிட்டுப் போனியே, அத நான் வச்சுக்கக் கூடாது."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று. குப்பம்மாள் முகம் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு அது ஒரு மங்கல் வட்டம். பார்க்க முடியாமல் இருந்தது நல்லதா கெட்டதா என்று பிற்பாடும் அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

"மதியானம் ஒரு மணிக்கா" என்றாள்.

"ஆமாம்மா."

"மூணு மணிக்கு ஓமந்தூர்ல ஒரு பஸ்ஸு கீது." தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஒரு வருஷம் முன்னால் அழுது முடித்த சாவுக்கு மறுபடி முதலிலிருந்து அழுதாள். நயினார் கல்லாவை விட்டு இறங்கி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வேங்கடேசன் துடைப்பத்தை வைத்துவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தான்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சொன்னீங்களே ஒரு வார்த்த, முடியாதுன்னு" என்றாள். "அத அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பஸ்ஸு ஏறியிருப்பேனே நயினாரே. எம் மவ மூஞ்சியப் பாத்திருப்பேனே. வாயில ஒரு வாய் தண்ணி ஊத்தியிருப்பேனே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் எழுந்தாள். படியிறங்கினவள் நின்று, திரும்பி வந்தாள். "ஒரு தூக்கு குடுங்க. மூடி நல்லா முறுக்கறதா. ஆஸ்பத்திரில கஞ்சி வாங்கிக் குடுக்கணும்."

வேங்கடேசன் ஒரு தூக்கை இறக்கித் துடைத்தான். நயினார் காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை. "கடைக்கு இன்னைக்கும் போணி ஆவலியே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்து, வெற்றிலைக்குள் வைத்திருந்த கசங்கின நோட்டையும் சில்லறையையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"விழுப்புரத்துக்கு இப்ப எது போவும்?"

"இப்பவே பஸ் இருக்கும்மா. இப்பக் கிளம்பினா மதியத்துக்குள்ள அங்க இருப்ப." அப்புறம், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். "எப்படியிருந்தாலும், நல்லபடியா ஆனாலும் ஆகாட்டியும், வந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவியா?"

அவள் தூக்கை முழங்கையில் மாட்டிக்கொண்டாள். சற்று யோசித்தாள்.

"பார்க்கலாங்க" என்றாள்.

போய்விட்டாள். தெருவின் வெயிலில் அவள் உருவம் கொஞ்ச தூரத்திலேயே அவர் கண்ணுக்குக் கரைந்து போயிற்று. போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவது முப்பது வருஷப் பழக்கம். நயினார் அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது வருவாள் என்பதா, வரமாட்டாள் என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்தது.